ஒழிந்தபோது சாப்பிடலாம் என்னும் வாதம்

ஆண்டுதோறும் தை பிறப்பதையொட்டிச் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி கூடுகிறபோது, அங்கே ஸ்டால் எடுக்கும் சிறு பதிப்பாளர் பலரிடையே ஓர் அபிப்பிராயம் ஆட்சேபமின்றி வழங்கி வருகிறது. ஸ்டாலில் யார் எந்த நேரத்தில் நிற்பது, யார் எப்போது சாப்பிடப் போவது என்பதையெல்லாம் முன்கூட்டி எழுதி வைப்பது பெரிய நிறுவனங்களுக்கு உரிய ஆடம்பரம் என்றும், நாலைந்து பேர் கொண்ட சிறு பதிப்பகத்துக்கு அது வேண்டுவதில்லை என்றும், எல்லாரும் காலையிலிருந்து இரவு வரை இருந்துகொண்டு, கூட்டம் ஒழிந்தபோது ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டால் காரியம் தானே நடந்துவிடும் என்றும் அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதும், ஆளுக்கும் வியாபாரத்துக்கும் ஒருங்கே நஷ்டம் விளைவிப்பது என்பதும் என் திடமான கருத்து.

இந்த வழக்கம் எப்படி வேரூன்றியது என்பதை அறிவது கடினமன்று. 1977ஆம் ஆண்டு அண்ணாசாலையில் மதரஸா-ஐ-ஆஜம் பள்ளி வளாகத்தில் முதல் காட்சி நடந்த காலத்தில், ஸ்டால்கள் சில, வருகிறவர்களும் அளவானவர்கள், பதிப்பாளர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசகரோடு பேசியவாறே நாளைக் கழிக்க முடிந்தது. இன்றோ பல நூறு ஸ்டால்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காட்சி இரண்டு வாரங்களுக்கு மேலும் நீளுகிறது. அண்மை ஆண்டுகளின் வழக்கப்படி வேலை நாள்களில் பிற்பகல் 2 மணிக்கும் விடுமுறை நாள்களில் காலை 11 மணிக்கும் திறந்து இரவு எட்டரைக்கே மூடுகிறார்கள். அன்றைய நிலைமைக்குப் பொருந்திய பழக்கத்தை இன்றைய நிலைமையிலும் வைத்துக்கொண்டிருப்பதுதான் பிழையின் தொடக்கம்.

‘கூட்டம் ஒழிந்தபோது’ என்ற நிபந்தனையை முதலில் ஆராய்வோம். விடுமுறை நாளொன்றில் நடப்பதை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது. பன்னிரண்டரை மணிக்கு யாருக்கும் பசி முற்றவில்லை. ஸ்டாலில் மூன்று நான்கு பேர் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘இவர்கள் போகட்டும்’ என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவர்கள் போகுமுன் வேறு நால்வர் வந்துவிடுகிறார்கள். இவ்வாறு ஒரு மணியும் கடந்து இரண்டு மணியும் கடந்த பிறகு, மூன்று மணிக்கு உண்மையிலேயே ஓர் ஒழிவு வருகிறது. அதுவரை பசியை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவதில்லை. ஒழிவுதானே என்று இருவராகவும் மூவராகவும் புறப்பட்டுவிடுகிறார்கள். உணவுக்கூடத்தில் டோக்கன் வாங்க ஒரு வரிசை, தட்டு வாங்க ஒரு வரிசை. அவர்கள் கை கழுவிக்கொண்டு திரும்பும் வேளையில் மணி நான்கைத் தாண்டியிருக்கும். மாலைக் கூட்டத்தின் முதல் அலை ஸ்டாலுக்குள் நுழைந்து, மிஞ்சியிருந்த இருவரையும் திணறடித்துக்கொண்டிருக்கும். ஆகவே, ஒழிவை நம்பிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவன் ஆள் வேண்டாத வேளையில் ஐவரை நிறுத்தி, ஆள் வேண்டிய வேளையில் இருவரை நிறுத்துகிறான். கவனக்குறைவினால் என்றோ ஒருநாள் நேர்வதன்று இது. அந்த முறையின் இயல்பே நாள்தோறும் இதைத்தான் விளைவிக்கும்.

இதற்கு மாற்று யாது? நாளின் உருவத்தை முதலில் எழுதிக்கொள்வது, பிறகு ஆளை அதில் பொருத்துவது. ‘கூட்டம் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்?’ என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சொல்ல முடியாதென்பது மெய். ஆனால் எந்த மணியில் மிகுதியாக வருவார்கள் என்பது ஏறத்தாழ எல்லா நாளிலும் ஒன்றாகவே இருக்கிறது. விடுமுறை நாளின் காலையில் வருகிறவர்கள் பட்டியலோடு வந்து நிதானமாக வாங்குகிறவர்கள். குடும்பம் குடும்பமாக வரும் கூட்டம் நான்கு மணிக்குத் தொடங்கி, ஐந்திலிருந்து ஏழு வரை உச்சத்தில் நின்று, எட்டு மணி வரையில் தணியாதிருக்கிறது. வேலை நாளில் அலுவலகம் விட்டு வருகிறவர்களால் அந்த உச்சம் சற்றுப் பிந்துகிறது. போன ஆண்டு பில்களில் அச்சான நேரத்தைப் பார்த்து, அரை மணிக்கு எத்தனை பில் என்று ஒரு தாளில் எண்ணி எழுதினாலே இந்த உருவம் ஒரு மாலைப்பொழுதில் கிடைத்துவிடும்.

அந்தத் தாளை வாசிக்கும் விதத்தில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. பத்துச் சதவீதக் கழிவைக் கணக்கிட்டு, ஐந்தாறு தலைப்புகளை ஏற்றி, பணம் செலுத்துகிறவருடைய கைப்பேசியில் இணைப்பு வரும்வரை காத்திருந்து, பையில் போட்டுக் கொடுப்பதற்கு ஒரு பில்லுக்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே மேஜையிலிருந்து அரை மணியில் 12 பில்லுக்கு மேல் போட இயலாது. நாலரை மணி முதல் எண்ணிக்கை 7, 10 என்று ஏறிவந்து, பிறகு 12, 12, 11, 12 என்று தட்டையாக நின்றுவிடுமானால், அந்தத் தட்டையான வரியைப் பார்த்து ‘நல்ல வியாபாரம்’ என்று மகிழ்வது தவறு. வாங்க விரும்பியவர்கள் அத்தனை பேர்தாம் என்பது அதன் பொருளன்று. மேஜையின் சக்தி அவ்வளவுதான் என்பதே பொருள். அதற்கு மேல் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இரவு ஸ்டாலைச் சுற்றிப் பார்த்தால் அறியலாம். கவிதை அலமாரியில் ஒரு சமையல் புத்தகம் கிடக்கும். சிறுவர் நூல்களின்மேல் மூன்று நாவல்கள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பில் மேஜையின் ஓரத்தில் யாரோ தேர்ந்தெடுத்துக் கட்டாகக் கொண்டுவந்து, வரிசையின் நீளத்தைக் கண்டு வைத்துவிட்டுப் போன ஐந்தாறு புத்தகங்கள் இருக்கும். ஆசையோடு கையிலெடுத்த வாசகனைக் காசு வாங்க ஆளில்லாமல் திருப்பியனுப்பியதற்கு இவை சாட்சியங்கள். பகலெல்லாம் ஐவர் நின்ற ஸ்டாலில் இந்த அவலம் நேர்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இப்போது ஒரு விடுமுறை நாளை எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் கொண்ட பதிப்பகம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து பார்ப்போம். கணக்கர், கிடங்கு உதவியாளர், விற்பனைப் பொறுப்பாளர், பதிப்பாளர், மாலைநேரத்துக்கென அமர்த்திய கல்லூரி மாணவி ஆகிய இவர்களில் பில் போடத் தெரிந்தவர்கள் கணக்கரும் பொறுப்பாளரும் பதிப்பாளரும். திறப்பதற்கு அரை மணி முன்னதாகப் பத்தரைக்கு வந்து, மூடியபின் கணக்கு முடித்து ஒன்பதுக்குப் புறப்படுவதாகக் கொண்டால், எல்லாரும் நாள் முழுதும் இருக்கும் முறையில் ஆளுக்குப் பத்தரை மணியாக 52.5 ஆள்-மணி செலவாகிறது.

காலை பத்தரைக்குக் கணக்கரும் உதவியாளரும் வரட்டும். பகல் ஒரு மணி வரை இருவரே போதும். ஒரு மணிக்கு விற்பனைப் பொறுப்பாளர், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, வருகிறார். அவர் வந்ததும் கணக்கர் சாப்பிடப் போகிறார். இரண்டு மணிக்குக் கணக்கர் திரும்பியதும் உதவியாளர் போகிறார். மூன்றுக்கு அவரும் திரும்பிவிடுகிறார். இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நிமிஷமேனும் ஸ்டாலில் ஒற்றை ஆள் நிற்கவில்லை என்பதையும், பில் போடத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கு மணிக்கு மாணவி வருகிறாள். அவள் வந்ததும் பொறுப்பாளர் இளைப்பாறப் போய், ஐந்து மணிக்குத் திரும்புகிறார். அதே ஐந்துக்குப் பதிப்பாளரும் வந்துவிடுகிறார். ஆக, உச்சத்தின் முதல் மணியில் ஐவரும் ஸ்டாலில் இருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கணக்கரும் ஏழு மணிக்கு உதவியாளரும் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். ஐந்து முதல் எட்டு வரை பில் மேஜை இரண்டு இடைவிடாமல் இயங்குகிறது. அலமாரிப் பக்கமும் ஆளில்லாமல் இல்லை. எட்டு மணிக்கு மாணவியை அனுப்பிவிட்டால், கடைசி வாசகரைக் கவனிப்பதும் கணக்கு முடிப்பதும் பொறுப்பாளரும் பதிப்பாளரும் செய்யக்கூடியனவே.

கூட்டிப் பாருங்கள்: கணக்கருக்கு ஆறரை மணி, உதவியாளருக்கு ஏழரை, பொறுப்பாளருக்கு ஏழு, மற்ற இருவருக்கும் நான்கு நான்கு, மொத்தம் 29. பழைய முறையில் செலவான 52.5 மணியோடு இதை ஒப்பிட்டால், பாதியை ஒட்டிய உழைப்பில் உச்ச வேளை முன்னிலும் நன்றாகக் காக்கப்படுகிறது. சிறு பதிப்பாளருக்கு ஆள் பலம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டித் திட்டத்தை மறுக்கிறார்கள். ஆள் குறைவாக இருப்பவனுக்கன்றோ இருக்கிற ஆளை எங்கே நிறுத்துவது என்ற யோசனை அதிகமாக வேண்டும்? பெரிய நிறுவனம் பதினைந்து பேரை நிறுத்தித் தன் பிழையை மறைத்துக்கொள்ளலாம். ஐவரை வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்த ஏற்பாட்டில் எவரும் தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் நிற்கவில்லை என்பதையும் வாசகர்கள் கண்டிருப்பார்கள். அந்த அளவு நான் கற்பித்ததன்று. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே, நான்கு மணி வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு என்றும், நாளுக்கு எட்டு மணி வேலை என்றும் வரையறுத்தது. 2021இல் அதே சட்டத்தில் திருத்தம் செய்து, கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டுமென்றும் விதித்தார்கள். சில நாள் மட்டும் நடக்கும் காட்சியின் ஸ்டாலுக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வழக்கறிஞர் விவாதத்துக்குள் நான் புக விரும்பவில்லை. ஆண்டு முழுதும் கடையில் நிற்கிற மனிதனுடைய காலுக்கும் வயிற்றுக்கும் அவசியம் என்று கண்ட ஒன்று, மைதானத்துப் பலகைத் தரையில் தகரக் கொட்டகையின் கீழ் நிற்கிற அதே மனிதனுக்கு அவசியமில்லாமற் போகாது. ‘நம் பிள்ளைகள், வருஷத்தில் இந்த நாள்கள் மட்டும்தானே’ என்று சொல்லுகிற பதிப்பாளர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆனால் அந்த அன்பு ஒரு மணிக்குச் சோறாக வரவேண்டும்.

இனி, சாப்பாட்டு மாற்று என்பது தலைக்குத் தலை ஆளை நிறுத்துவது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரிப் பக்கம் நிற்பவருக்கு யாரும் மாற்றாக நிற்கலாம். பில் போடுகிறவருக்குப் பில் போடத் தெரிந்தவரே மாற்று. இது வெளிப்படையாகத் தோன்றினாலும், பெரும்பாலான ஸ்டால்களில் தவறு நேரும் இடம் இதுவே. பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டி இல்லாத ஸ்டாலில், க்யூஆர் அட்டைக்கு உரிய கைப்பேசி ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் சாப்பிடப் போகையில் அதுவும் சட்டைப்பையில் போய்விடும். ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று வாசகர் தம் திரையைக் காட்டுகிறார். வந்ததா என்று பார்க்க இங்கே வழியில்லை. மாற்றாக நிற்கும் இளைஞன், நம்புவதா தடுப்பதா என்று அறியாமல், போனில் கணக்கரை அழைக்கிறான். கணக்கர் சோற்றுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறார். அவர் சாப்பிடப் போனதாகவே சொல்ல முடியாது. ஆதலால் ஒலிப்பெட்டியை மேஜையிலேயே நிலையாக வைப்பதோ, கைப்பேசியை மேஜையை விட்டு அகலாததாக ஆக்குவதோ மாற்று ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

கல்லாப்பணமும் அப்படித்தான். ஆறு மணிக்குக் கணக்கர் புறப்படும்போது, கூட்டத்தின் நடுவே பெட்டியைத் திறந்து எண்ணி ஒப்படைப்பது நடவாத காரியம். எண்ணாமல் ஒப்படைத்தால் இரவில் குறையும் தொகைக்கு யார் பொறுப்பு என்ற மனக்கசப்பு மிஞ்சும். பில் போடுகிற ஒவ்வொருவருக்கும் சில்லறையோடு தனிப் பணப்பையும், கணினியில் தனிப் பெயரும் கொடுத்துவிட்டால், தம் பையைப் பூட்டிப் பதிப்பாளரிடம் தந்துவிட்டு அவர் அரை நிமிஷத்தில் எழுந்து போகலாம். அவர் பெயரில் விழுந்த பில்களோடு அந்தப் பையை இரவில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பதிப்பாளர் காலை முதல் இரவு வரை ஸ்டாலில் காட்சியளித்தால்தான் மரியாதை என்றொரு வாதமும் உண்டு. தம்மைப் பார்க்க வரும் எழுத்தாளர்களும் நூலகர்களும் ஏமாறக்கூடாது என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நூலகப் பொறுப்பாளர்கள் கூட்டமில்லாத முற்பகலையே விரும்புவதுண்டு. ஆயினும், காலை பதினொன்றிலிருந்து நின்று, மாலை ஆறு மணிக்குக் குரல் கம்மி, யார் எதைக் கேட்டாலும் ‘அங்கே பாருங்கள்’ என்று கையைக் காட்டுகிற நிலைக்கு வந்துவிட்ட பதிப்பாளரைவிட, ஐந்து மணிக்குத் தெளிவோடு வந்து நிற்கிற பதிப்பாளரே வாசகனுக்குப் பயன்படுகிறார். முற்பகலில் சந்திக்க வேண்டியவர்களுக்கென்று ஒரு நாளைக் குறித்துத் தெரிவித்துவிட்டு, அன்று மட்டும் காலையில் வந்து மாலையில் தம் இடத்துக்கு மற்றொருவரை ஏற்பாடு செய்துகொள்வதில் தடையொன்றுமில்லை.

எழுத்தாளர் கையெழுத்திடும் மாலைகள் வேறு வகை. ஒருவர் உட்கார்ந்து கையெழுத்திடும்போது அவரைச் சுற்றி நிற்பவர்கள் பாதையை அடைத்துக்கொள்வார்கள். மற்ற வாசகர் உள்ளே வர இடமிராது. அந்த ஒரு மணிக்கு வரிசையை ஒழுங்குபடுத்தவும், புத்தகத்தைத் திறந்து பக்கத்தை எடுத்துக் கொடுக்கவும் தனியே ஓர் ஆள் வேண்டும். இருக்கிற ஐவரிலிருந்து அவரை எடுத்தால் பில் மேஜை ஒன்று நின்றுபோகும். இதை முன்பே அறிந்தால், எழுத்தாளரை உச்ச மணியில் அழையாமல், நான்கு மணிக்கோ ஏழரைக்கோ அழைக்கலாம். அல்லது உதவியாளரை அன்று மட்டும் பிந்தி வரச்செய்து எட்டரை வரை நிறுத்தலாம்.

வேலை நாள்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டே வருகிறார்கள். சிற்றுண்டி மாற்றை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றே கவனிக்கத்தக்கது. வார ஓய்வையும் வேலை நாள்களிலேயே, திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம்; ஓய்வே இல்லாமல் இரண்டு வாரம் நின்றவர் காட்சியின் கடைசி ஞாயிறன்று எவ்வளவு பயன்படுவார் என்பதை, அன்று அவர் போட்ட பில்களின் பிழையே சொல்லும்.

இரண்டே பேர் நடத்தும் பதிப்பகத்துக்கு மேலே சொன்ன ஏற்பாடு அப்படியே பொருந்தாது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் தனியே நிற்கத்தான் வேண்டும். அடுத்த ஸ்டால்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். புத்தகம் களவு போகாமல் அவர் பார்த்துக்கொள்ளலாம், பில் போட அவரால் இயலாது. இவர்களுக்கு என் யோசனை, விடுமுறை நாள்களில் மட்டும் ஒரு மாணவரை ஒரு மணி முதல் மூன்று வரையிலும் ஐந்து முதல் ஏழு வரையிலும் அமர்த்துவது. நாள் முழுதும் ஒருவரை அமர்த்தி, அவரையும் பகல் வேளையில் சும்மா நிற்க வைப்பதைவிட, நான்கு மணிக் கூலி அதிகப் பலன் தரும். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அருகிலுள்ள சென்னையில் அப்படிப்பட்ட மாணவர் கிடைப்பது அரிதன்று. ஆனால் காட்சி தொடங்கியபின் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

கடைசியாக, பொங்கல். ஒழிந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்னும் மனோபாவம் மிகக் கொடுமையாகப் பலிப்பது இங்கேதான். ஊழியர்களில் பலர் வெளியூர்க்காரர்கள்; அவர்களுடைய தாய் தந்தையர் மதுரையிலோ திருநெல்வேலியிலோ பொங்கலுக்கு எதிர்பார்த்திருக்கிறார்கள். காட்சியின் விடுமுறைக் கூட்டமும் அதே நாள்களில்தான். ஜனவரி பத்தாம் தேதி பதிப்பாளர், ‘யார் யார் ஊருக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்கிறார். மூன்று பேர் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எடுக்காத இருவர், நியாயமான ஆசையை அடக்கிக்கொண்டு, மனத்தாங்கலோடு நிற்கிறார்கள். 2024 நவம்பரிலிருந்து ரயிலில் 60 நாளுக்கு முன்பிருந்தே முன்பதிவு செய்ய முடிகிறது. அதாவது பொங்கலுக்கு முந்திய நாள்களின் டிக்கெட் நவம்பர் நடுவில் திறந்து, திறந்த சிறிது நேரத்தில் தீர்ந்துபோகிறது. ஆகையால் காட்சியின் தேதி முறையாக அறிவிக்கப்படும்வரை காத்திராமல், நவம்பர் முதல் வாரத்திலேயே ஊழியர்களை உட்காரவைத்து, போகிப் பண்டிகையிலிருந்து காணும் பொங்கல் வரை எவர் எந்த நாளில் ஊருக்குப் போவது, எவர் அதற்கு ஈடாகக் காட்சி முடிந்ததும் மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு எடுப்பது, போன ஆண்டு பொங்கலன்று நின்றவர் யார் என்பதையெல்லாம் பேசித் தீர்த்து, அவர்கள் கண்ணெதிரிலேயே தாளில் எழுதிவிட வேண்டும். பொங்கலன்று காலை கூட்டம் மெலிந்திருக்குமாகையால் அன்று உள்ளூர்க்காரர் இருவரைப் பிற்பகல் ஒரு மணி வரைக்கும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை வீட்டில் பொங்கல் வைத்து உண்டபின் வரச்செய்வதும் அந்தத் தாளிலேயே இடம்பெறலாம்.